ஒரு பிழைக்கு ஒரு தண்டனை

பி.காம் முதல் பருவத்து மாணவர்களுக்கு நிதிக் கணக்கியல் மாதிரித் தேர்வு வைக்கும்போது வினாவைத் தேர்ந்தெடுப்பதில் செலவழிக்கும் கவனத்தில் பாதியைக்கூட மதிப்பெண் பிரிப்பில் நாம் செலவழிப்பதில்லை. வினா எழுதுகிறோம், விடை எழுதுகிறோம், ஓரத்தில் 12 என்று போடுகிறோம். அந்த 12 எதற்கெல்லாம் எப்படிப் பிரிகிறது என்பது திருத்துகிறவரின் மனதில் மட்டும் இருக்கிறது. மாணவன் கையில் விடைத்தாள் திரும்பி வரும்போது அதில் 4 என்று இருக்கும். எந்த இடத்தில் அவன் புரிதல் முறிந்தது என்பதை அந்த 4 சொல்லாது. மாதிரித் தேர்வின் பயனே அதைச் சொல்வதுதான் என்று நினைக்கிறேன். மாதிரி விடையைவிட மதிப்பெண் பிரிப்பே மாணவனுக்கு அதிகம் கற்றுத்தருகிறது; அந்தப் பிரிப்பு படிகளுக்கு இருக்க வேண்டும், கடைசி எண்ணுக்கு இருக்கக் கூடாது. இதை ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு முழுவதுமாகச் செய்து காட்டினால்தான் நம்பும்படி இருக்கும்.

கோலார் பகுதிக் கல்லூரிகள் இப்போது பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. முதல் பருவப் பாடத்தில் ராயல்டி கணக்குகள் ஓர் அலகாக வரும். பூதிகோட்டை, பங்காருப்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான பாடம் இல்லை. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்த தங்கச் சுரங்கங்கள் மைசூர் அரசுக்குத் தங்கத்தின் மதிப்பில் 5 சதவீதம் ராயல்டி கட்டின. நிலத்துக்கு அடியில் இருப்பது ஒருவருடையது, தோண்டி எடுப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டின் மீதுதான் கோலார் தங்கவயலே எழுந்தது. இன்றும் கோலார் மாவட்டத்துக் கல்குவாரிகளில் இதே ஏற்பாடுதான். அதனால் என் மாதிரித் தாளில் 12 மதிப்பெண் கணக்கு ஒன்று குவாரியைப் பற்றியதாகவே இருக்கும். பாடநூல்களில் வரும் 'எக்ஸ் நிலக்கரி நிறுவன'த்தைவிடத் தினமும் ஜல்லி லாரி போகும் சாலையில் நடப்பவனுக்குக் குவாரி சட்டென்று புரியும்.

கணக்கு இதுதான். பூதிகோட்டைக்குப் பக்கத்தில் ஒருவர் குவாரியைக் குத்தகைக்கு எடுக்கிறார். டன்னுக்கு 20 ரூபாய் ராயல்டி. எவ்வளவு குறைவாகத் தோண்டினாலும் ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் குறைந்தபட்ச வாடகை கொடுத்தே ஆக வேண்டும். ராயல்டி அந்தத் தொகையைவிடக் குறைந்த ஆண்டில் கூடுதலாகக் கொடுத்த பணம் ஷார்ட் ஒர்க்கிங்ஸ். ஒவ்வோர் ஆண்டின் ஷார்ட் ஒர்க்கிங்ஸையும் அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வரும் உபரி ராயல்டியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு உரிமை இல்லை. முதல் நான்கு ஆண்டுகளில் எடுத்த கல் 6,000, 8,500, 11,500, 12,500 டன். பகுப்பாய்வு அட்டவணையும், குத்தகைதாரரின் ஏட்டில் ராயல்டி, ஷார்ட் ஒர்க்கிங்ஸ், நில உரிமையாளர் ஆகிய மூன்று கணக்குகளும் தயாரிக்க வேண்டும்.

| ஆண்டு | ராயல்டி | ஷார்ட் ஒர்க்கிங்ஸ் | ஈடுகட்டியது | காலாவதி | செலுத்தியது |
|---|---|---|---|---|---|
| 1 | 1,20,000 | 80,000 | – | – | 2,00,000 |
| 2 | 1,70,000 | 30,000 | – | – | 2,00,000 |
| 3 | 2,30,000 | – | 30,000 | 50,000 | 2,00,000 |
| 4 | 2,50,000 | – | 30,000 | – | 2,20,000 |

இந்த எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல. மூன்றாம் ஆண்டில் உபரி 30,000 ரூபாய். இரண்டாம் ஆண்டின் ஷார்ட் ஒர்க்கிங்ஸும் சரியாக 30,000. அவசரக்காரன் இரண்டையும் நேருக்கு நேர் அடித்துவிடுவான். ஆனால் முதலில் காலாவதியாகப் போவது முதல் ஆண்டின் 80,000. பழையதிலிருந்துதான் கழிக்க வேண்டும். கழித்தபின் அதில் மிஞ்சும் 50,000 மூன்றாம் ஆண்டு முடிவோடு போய்விட்டது, இலாப நட்டக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். நான்காம் ஆண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. உபரி 50,000; போன ஆண்டு இழந்த தொகையும் அதே 50,000. காலாவதியைப் பதியாதவன் கையில் அப்போது 80,000 இருப்பு நிற்கும். அவன் தயங்காமல் 50,000ஐக் கழித்து, உரிமையாளருக்கு 2,00,000 மட்டும் கொடுப்பான். உண்மையில் ஈடுகட்ட மிச்சமிருப்பது இரண்டாம் ஆண்டின் 30,000 மட்டும். கொடுக்க வேண்டியது 2,20,000. ஒரு கருத்து புரிந்ததா இல்லையா என்று எண்ணே காட்டிக்கொடுக்கும்படி வினாவை அமைப்பது வினாத்தாள் எழுதுகிறவரின் வேலை.

மாதிரி விடையில் அட்டவணைக்குக் கீழே ஒரு சரிபார்ப்பையும் எழுத வேண்டும். நான்கு ஆண்டில் செலுத்தியது 8,20,000, ராயல்டி 7,70,000, வித்தியாசம் 50,000. அது காலாவதியான தொகைக்குச் சமம். ஷார்ட் ஒர்க்கிங்ஸ் கணக்கோ முதல் ஆண்டு முடிவில் 80,000, இரண்டாம் ஆண்டு முடிவில் 1,10,000, மூன்றாம் ஆண்டு முடிவில் 30,000 இருப்போடு போய், நான்காம் ஆண்டில் மிச்சமில்லாமல் முடிகிறது. ராயல்டியை எங்கே கொண்டுபோவது என்பதில் பாடநூல்களுக்குள் வேறுபாடு உண்டு. உற்பத்தி அளவை வைத்துக் கொடுக்கும் ராயல்டி உற்பத்திச் செலவு, ஆகவே வியாபாரக் கணக்குக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. இலாப நட்டக் கணக்குக்கு மாற்றி எழுதியவனுக்கு இதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பதையும் விடைக்குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் ஒரே விடைக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு மதிப்பெண் போடுவார்கள்.

இனி 12 மதிப்பெண்ணைப் பிரிப்போம். அட்டவணைக்கு 6: ராயல்டி எண்களுக்கு 1, ஷார்ட் ஒர்க்கிங்ஸுக்கு 1, மூன்றாம் ஆண்டில் பழையதிலிருந்து ஈடுகட்டியதற்கு 1, காலாவதியைக் கண்டதற்கு 1, நான்காம் ஆண்டில் 30,000 வரைதான் என்று நிறுத்தியதற்கு 1, செலுத்திய தொகைகளுக்கு 1. கணக்குகளுக்கு 6: ராயல்டி கணக்கு 1, ஷார்ட் ஒர்க்கிங்ஸ் கணக்கில் இருப்புகளைச் சரியாக எடுத்துச் சென்றதற்கு 1, ஈடுகட்டிய பதிவுக்கு 1, இலாப நட்டக் கணக்குக்கு மாற்றியதற்கு 1, உரிமையாளர் கணக்கு 2. இதோடு ஒரு விதி: கூட்டல் பெருக்கலில் வந்த தவறுக்கு அது முதலில் தோன்றிய இடத்தில் மட்டும் மதிப்பெண் குறையும். அதன் பிறகு மாணவன் தன் சொந்த எண்ணை வைத்துச் சரியான வழியில் போனால் முழு மதிப்பெண். கருத்துத் தவறுக்கு மட்டும், அந்தக் கருத்து கேட்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் குறையும்.

இந்த விதி என்ன செய்கிறது என்பதை இரண்டு விடைகளை வைத்துப் பார்க்கலாம். முதல் மாணவி முதல் ஆண்டு ராயல்டியை 1,20,000 என்பதற்குப் பதில் 1,02,000 என்று இலக்கம் மாற்றி எழுதிவிடுகிறாள். ஷார்ட் ஒர்க்கிங்ஸ் 98,000 ஆகிறது. மூன்றாம் ஆண்டில் பழையதிலிருந்து 30,000 ஈடுகட்டி, மீதி 68,000ஐ இலாப நட்டக் கணக்குக்கு அனுப்புகிறாள். நான்காம் ஆண்டில் 30,000இல் நிறுத்துகிறாள். பாடம் முழுக்கப் புரிந்தவள். இரண்டாம் மாணவன் எல்லாப் பெருக்கலையும் சரியாகச் செய்கிறான். காலாவதி என்ற விஷயமே அவனுக்குத் தெரியாது. நான்காம் ஆண்டில் 50,000ஐக் கழித்து 2,00,000 கொடுக்கிறான். இப்போது, எண் தப்பானால் அந்தத் தலைப்புக்குச் சுழியம் என்ற பழைய முறையில் திருத்துங்கள். மாணவிக்கு ராயல்டி, ஷார்ட் ஒர்க்கிங்ஸ், காலாவதி ஆகிய மூன்றும் போகும். மூன்று கணக்குகளிலும் தவறான எண் இருப்பதால் அந்த ஆறும் போகும். மிஞ்சுவது 3. மாணவனுக்குக் காலாவதி, நான்காம் ஆண்டு, செலுத்திய தொகை போகும். ராயல்டி கணக்கு தப்பிக்கும். மற்ற இரண்டு கணக்குகளும் போகும். மிஞ்சுவது 4. பாடம் புரியாதவனுக்குப் புரிந்தவளைவிட ஒரு மதிப்பெண் அதிகம்.

படிவாரி முறையில் மாணவிக்கு முதல் எண்ணுக்கான 1 மட்டும் குறைந்து 11. மாணவனுக்குக் காலாவதியைக் காணாததற்கு 1, நான்காம் ஆண்டில் நிறுத்தாததற்கு 1, இலாப நட்டப் பதிவு இல்லாததற்கு 1 குறைந்து 9. பழைய முறையில் தலைகீழாக இருந்த வரிசை இப்போது நிமிர்ந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, இருவருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிகிறது. மாணவி எழுதியதை ஒருமுறை திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். மாணவன் ஒப்பந்தத்தில் வரும் கால வரம்புப் பகுதியைத் திரும்பப் படிக்க வேண்டும். 3, 4 என்ற எண்கள் இருவரிடமும் சொல்லியிருக்கக் கூடியது ஒன்றுதான்: ராயல்டி உனக்கு வராது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கணக்கு என்பது துல்லியம். நாளை ஓர் அலுவலகத்தில் 1,20,000ஐ 1,02,000 என்று எழுதினால் யார் 12க்கு 11 கொடுப்பார்கள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் எந்தப் பிழை அலுவலகத்தில் பிடிபடும், எது பிடிபடாது என்று பார்க்க வேண்டும். இலக்கம் மாறிய பிழை, 6,000 டன்னை 20ஆல் யாராவது மறுபடி பெருக்கியதும் வெளியே வந்துவிடும். அல்லது உரிமையாளர் அனுப்பும் கணக்கோடு ஒப்பிட்டால் வந்துவிடும். இரண்டாம் மாணவனின் பிழை அப்படியல்ல. அவன் ஏட்டில் பற்றும் வரவும் சமம். இருப்பாய்வு பொருந்தும். நான்காம் ஆண்டு முடிவில் 30,000 ரூபாய் ஷார்ட் ஒர்க்கிங்ஸ் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக நிற்கும். ஒருபோதும் வசூலாகாத சொத்து. கூட்டல் பார்க்கிற யாருக்கும் அது தெரியாது, ஒப்பந்தத்தைப் படித்தவருக்கு மட்டுமே தெரியும். துல்லியம் வேண்டும் என்கிறவர் அதிகம் அஞ்ச வேண்டியது இந்தப் பிழைக்குத்தான். நான் மேலே சொன்ன சரிபார்ப்புக்கும் இந்த வரம்பு உண்டு என்பதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது: மாணவியின் தவறான எண்களிலும் 8,20,000இலிருந்து 7,52,000 போக 68,000 என்று அது அழகாகப் பொருந்தும். எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைத்தான் அது சொல்லும், தொடங்கிய எண் சரியா என்பதை அது சொல்லாது.

இன்னொரு மறுப்பு இந்த வட்டாரத்துக்கே உரியது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ, தேர்வுத்தாள் ஆங்கிலத்தில். ஈடுகட்டும் காலத்தைச் சொல்லும் வரியை ஒரு மாணவி தவறாகப் படித்தால் அது கணக்கியல் தவறா, மொழித் தவறா? இதே கணக்கில் 'குத்தகையின் முதல் மூன்று ஆண்டுகளுக்குள்' என்று அவள் எடுத்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டு முடிவில் 80,000 முழுவதும் காலாவதியாகும். நான்காம் ஆண்டில் ஈடுகட்ட ஒன்றுமில்லை, 2,50,000 கொடுக்க வேண்டும். அந்தப் படிப்பின்படி அவள் செய்தது முழுக்கச் சரி. அவளுக்குக் காலாவதிக்கு 1, நான்காம் ஆண்டுக்கு 1 குறைத்து 10 கொடுப்பேன். இரக்கத்துக்காக இல்லை. காலாவதி என்ற கருத்து அவளிடம் இருக்கிறது. ஒப்பந்த வாசகம்தான் தவறியது. அதற்கான மருந்தை மாதிரி விடையின் முதல் வரியிலேயே வைக்கலாம்: முதல் ஆண்டினது மூன்றாம் ஆண்டு வரை, இரண்டாம் ஆண்டினது நான்காம் ஆண்டு வரை என்று கணக்கைத் தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளச் சொல்வது. இந்த ஒரு வரியை எழுதியவர்கள் நான்காம் ஆண்டில் சறுக்குவது அரிது.

பல்கலைக்கழகத் திருத்துநர் இப்படித் திருத்துவாரா என்று கேட்கலாம். பல்கலைக்கழகங்களும் திருத்துநர்களுக்கு மதிப்பெண் பிரிப்புக் குறிப்பு கொடுக்கின்றன; சொந்த எண்ணைத் தொடர்ந்து போய் மதிப்பெண் தருவது அவரவர் நிதானத்தைப் பொறுத்தது. அதனால் பருவத் தேர்வில் என் மாணவி 11 வாங்குவாள் என்று உறுதி சொல்ல மாட்டேன். மாதிரித் தேர்வின் வேலை பருவத் தேர்வின் மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதல்ல. நேரமும் கூடுதலாகத்தான் ஆகும். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்த எண்ணைப் பின்தொடர்வது என்றால் திருத்துகிறவர் ஒவ்வொரு தாளிலும் புதிதாக ஒரு கணக்குப் போடுகிறார். முதல் தவறான எண்ணை வட்டமிட்டு, அங்கிருந்து மட்டும் தொடர்ந்தால் கொஞ்சம் குறையும். கூட்டம் பெரிதாக இருந்தால் இந்த ஒரு 12 மதிப்பெண் கணக்குக்காவது இப்படிச் செய்து, மற்றவற்றைச் சுருக்கமாகத் திருத்துவது மேல்.

விடைக்குறிப்பைக் கொடுத்தால் மனப்பாடம் செய்வார்கள் என்ற அச்சம் கணக்கை விடக் கருத்து வினாக்களுக்குத்தான் பொருந்தும். கணக்கில் டன்னை மாற்றினால் போதும், மனப்பாடம் உதவாது. கருத்து வினாவில் சொத்தை மாற்ற வேண்டும். 'நிறுவனத் தொடர்ச்சி அனுமானம் – விளக்குக' என்று 5 மதிப்பெண்ணுக்குக் கேட்டால் வரையறை மட்டும் வரும். அதற்குப் பதில் நான் கேட்கும் வினா இது: பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் மூடிய பிறகும் அதன் ஏட்டில் ஒரு சுரங்கக் குழியையும் ஒரு சாமான் தூக்கும் எந்திரத்தையும் எப்படி மதிப்பிடுவது? வரையறைக்கு 1. நிறுவனம் தொடரும் என்ற நம்பிக்கையில் குழி வெட்டிய செலவை மிச்சமுள்ள ஆண்டுகளுக்குப் பங்கிடலாம், எந்திரத்தை அடக்கவிலையில் தேய்மானம் கழித்துக் காட்டலாம் என்பதற்கு 2. மூடியபின் எந்திரம் விற்றால் கிடைக்கும் விலைக்கு இறங்கும், குழியை யாரும் வாங்க மாட்டார்கள், எனவே அதன் ஏட்டு மதிப்பு நட்டமாகும் என்பதற்கு 2. வரையறையை மட்டும் ஒப்பித்தவன் 1 வாங்குவான். தங்கவயலில் குழி எவ்வளவு ஆழம் போனது என்று பாட்டன் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவனுக்கு, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் செலவு முழுவதும் ஒரே நாளில் சொத்துப் பட்டியலிலிருந்து போவது என்ன என்று புரியும். இந்த நிறுவனம் 1992இலேயே நலிந்த நிறுவனங்களுக்கான வாரியத்துக்கு அனுப்பப்பட்டது. அந்த ஒன்பது ஆண்டுகளில் எந்த ஆண்டோடு அனுமானத்தைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று எழுதுகிற மாணவன் வந்தால், 5க்கு 5 கொடுத்துவிட்டு அவன் விடையை வகுப்பில் வாசித்துக் காட்டலாம்.

மாதிரித் தாள் தயாரிக்கும் சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மதிப்பெண் பிரிப்பைத் தேர்வுக்குப் பிறகு கொடுக்காதீர்கள். வினாத்தாளிலேயே ஒவ்வொரு வினாவுக்கும் கீழே அச்சிடுங்கள். காலாவதிக்கு 1 என்று அச்சில் பார்த்தால் விடை தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். காலாவதி என்று ஒன்று இருக்கிறது என்பது தெரிந்தாலும், எந்த ஆண்டில், எவ்வளவு என்று அவனேதான் கண்டுபிடிக்க வேண்டும். தாளை அச்சுக்கு அனுப்பும் முன் சரியான விடையை ஒருமுறை எழுதியதோடு நிறுத்தாமல், மாணவர்கள் போகக்கூடிய தவறான வழிகளில் இரண்டு மூன்றை நீங்களே முழுவதும் எழுதி, உங்கள் பிரிப்பின்படி மதிப்பெண் போட்டுப் பாருங்கள். புரியாதவனுக்குப் புரிந்தவளைவிட அதிகம் விழுந்தால், அந்தப் பிரிப்பைத் திருத்தியபின் தாளை அனுப்புங்கள்.